இரண்டாவது டிஎஃப்எஸ்ஸுக்கு அம்புகளை ஏன் திருப்ப வேண்டும்? திருப்பாமலே எனக்கு விடை வருகிறது

கீழ்வேளூர்க்காரி | மார்ச் 4, இரவு 10:20

மூன்றாம் ஆண்டு ஆல்கரிதம்ஸ் பேப்பர். ஒரு கிராஃபில் எந்தெந்த முனைகள் ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் போகவும் திரும்பி வரவும் முடியுமோ அவற்றைக் குழுக்களாகப் பிரிக்க வேண்டும், அதாவது எஸ்சிசி. வகுப்பில் சொன்ன முறை இது. முதலில் ஒரு டிஎஃப்எஸ் ஓட்டி, ஒவ்வொரு முனையும் எந்த வரிசையில் முடிகிறது என்று எழுதிக்கொள். பிறகு எல்லா அம்புகளையும் திருப்பு. கடைசியாக முடிந்த முனையில் தொடங்கி, திருப்பிய கிராஃபில் இரண்டாவது டிஎஃப்எஸ். தேடல் நிற்கும் ஒவ்வொரு முறையும் ஒரு குழு கிடைக்கும்.

நான் எழுதியது வேறு. அம்புகளைத் திருப்பவில்லை. அதே கிராஃபில், முதலில் முடிந்த முனையிலிருந்து தொடங்கினேன். என் யோசனை: டிஎஃப்எஸ் ஆழமாகப் போய், இனி போக வழியில்லை என்ற இடத்தில்தான் முதல் முனை முடிகிறது. அப்படியென்றால் அது வெளியே அம்பு போகாத குழுவுக்குள்தான் இருக்க வேண்டும். அங்கே தொடங்கினால் தேடல் அந்தக் குழுவைத் தாண்ட முடியாது. அடுத்தது, அடுத்தது என்று கீழிருந்து மேலே வந்துவிடலாம்.

லேபில் கொடுத்த 11 டெஸ்டிலும் விடை சரி. இன்டர்னலில் எழுதினேன், 10க்கு 4 போட்டு "தவறு" என்று மட்டும் எழுதியிருக்கிறார்கள். ஏன் தவறு என்று யாராவது சொல்லுங்கள். மதிப்பெண் போனது போகட்டும், காரணம் தெரியாமல் தூக்கம் வரவில்லை.

மொட்டைமாடி | மார்ச் 4, இரவு 10:41

இதுக்கு எதுக்கு ரெண்டு டிஎஃப்எஸ்? யூனியன் ஃபைண்ட் போடுங்க. ஒவ்வொரு எட்ஜுக்கும் ரெண்டு பக்கத்தையும் சேர்த்துட்டே போனா கடைசில குரூப் தானா வந்துடும். நான் ஒரு இன்டர்வியூல அப்படித்தான் எழுதினேன்.

கீழ்வேளூர்க்காரி | மார்ச் 4, இரவு 10:48

அண்ணா, அது திசையில்லாத கிராஃபுக்கு. இங்கே 1லிருந்து 2க்கு அம்பு இருந்தால் மட்டும் இரண்டும் ஒரே குழு ஆகாது. 2லிருந்து 1க்குத் திரும்பவும் வழி வேண்டும்.

மொட்டைமாடி | மார்ச் 4, இரவு 10:52

ஓ, ஒன்வே ரோடு மாதிரி. சரி சரி, நான் வேற கேள்வின்னு நெனச்சுட்டேன்.

ரயிலடி | மார்ச் 5, காலை 7:15

உங்கள் காரணம் சரிதான். முதலில் முடியும் முனை எப்போதும் கடைக்கோடிக் குழுவில்தான் இருக்கும். புத்தக முறையிலேயே எழுத வேண்டும் என்ற பிடிவாதத்தில் மதிப்பெண்ணைக் குறைத்திருப்பார்கள் என்று நினைக்கிறேன். என்னைக் கேட்டால் இதில் திருப்புவதுதான் வீண். அத்தனை அம்புகளுக்கும் இன்னொரு பிரதி வேண்டும்.

ஒன்று மட்டும் சொல்கிறேன். திருப்பியே ஆக வேண்டும் என்றால் முதல் டிஎஃப்எஸ்ஸைத் திருப்பிய கிராஃபிலும் இரண்டாவதை மூலக் கிராஃபிலும் ஓட்டலாம். விடை ஒன்றுதான்.

செங்கல் | மார்ச் 5, காலை 9:02

ரயிலடி சொன்ன கடைசி விஷயம் சரி. முதல் விஷயம் தப்பு. முதலில் முடிகிற முனை கடைக்கோடிக் குழுவில் இருந்தே ஆகணும்னு எந்தச் சட்டமும் இல்லை. ஆறே முனையில் காட்டுகிறேன். பேனா, பேப்பர் எடுத்துக்கோங்க.

அம்புகள் இவ்வளவுதான்:

```
1: 2
2: 3 4
3: 1
4: 5
5: 4
6: 4
```

கண்ணால பார்த்தாலே குழு தெரியும். 1, 2, 3 ஒரு சுற்று. 4, 5 ஒரு சுற்று. 6 தனி. 4, 5 குழுவிலிருந்து வெளியே எதுவும் போகல, அதுதான் கடைக்கோடி.

1லிருந்து டிஎஃப்எஸ் ஓட்டுங்க. 1லிருந்து 2. 2க்கு முதல் பக்கத்துவீடு 3, அங்கே போறோம். 3க்கு இருக்கிறது ஒரே அம்பு, அது 1க்குப் போகுது. 1ஐ ஏற்கெனவே பார்த்தாச்சு. ஆக 3க்கு வேலை தீர்ந்தது, முதலில் முடியறது 3. 4, 5 பக்கம் நாம் இன்னும் எட்டிக்கூடப் பார்க்கல.

அப்புறம் 2லிருந்து 4, 4லிருந்து 5. 5 முடியுது, 4 முடியுது, 2 முடியுது, 1 முடியுது. கடைசியா 6. வரிசை: 3, 5, 4, 2, 1, 6.

இப்ப உங்க முறைப்படி 3லிருந்து மூலக் கிராஃப்லயே தேடுங்க. 3, 1, 2, 4, 5 எல்லாத்தையும் ஒரே மூச்சில் அள்ளிட்டு வந்துடும். ரெண்டு குழு ஒட்டிப்போச்சு.

"போக வழியில்லாத இடத்தில் முடியுது"ன்னு எழுதியிருக்கீங்க பாருங்க, சறுக்கல் அங்கதான். 3க்கு வழியில்லாமல் இல்லை. வழி இருக்கு, அது பழைய இடத்துக்குப் போகுது. டிஎஃப்எஸ்ஸுக்கு ரெண்டும் ஒண்ணுதான்.

கீழ்வேளூர்க்காரி | மார்ச் 5, மதியம் 1:30

போட்டுப் பார்த்தேன். நீங்கள் சொன்னபடியே 1 முதல் 5 வரை ஒட்டிக்கொண்டது.

வகுப்பு முறையையும் இதே வரிசையில் கையால் போட்டேன். கடைசியில் முடிந்தது 6. திருப்பிய கிராஃபில் 6லிருந்து எந்த அம்பும் போகவில்லை, தனிக்குழு. அடுத்து 1. திருப்பினால் 1லிருந்து 3, 3லிருந்து 2, 2லிருந்து மறுபடி 1. மூன்றும் ஒரு குழு. அடுத்து 4. அதிலிருந்து 2க்கும் 6க்கும் அம்பு இருக்கிறது, ஆனால் இரண்டும் முன்பே எடுத்தாயிற்று. 5 மட்டும் சேர்கிறது. சரியான விடை.

அப்படியானால் லேபில் 11 டெஸ்டும் எப்படித் தேறின?

கீழ்வேளூர்க்காரி | மார்ச் 5, மாலை 6:05

நானே கண்டுபிடித்தேன். செங்கல் கொடுத்த கிராஃபில் ஒரே ஒரு மாற்றம்: 2க்கு எதிரே `3 4` என்பதை `4 3` என்று எழுதினேன். கிராஃப் அதேதான், பக்கத்துவீடுகளை எழுதிய வரிசை மட்டும் வேறு. இப்போது டிஎஃப்எஸ் 2லிருந்து முதலில் 4க்குப் போகிறது. 5, 4, 3, 2, 1, 6 என்று முடிகிறது. என் முறையில் 5லிருந்து தொடங்கினால் 4, 5 குழு. அப்புறம் 3லிருந்து 1, 2, 3 குழு. அப்புறம் 6. மூன்றும் சரி!

விடை கிராஃபைப் பொறுத்து வர வேண்டும். என் முறையில் இன்புட்டை எழுதிய வரிசையைப் பொறுத்து வருகிறது. லேப் டெஸ்ட்களைத் திறந்து பார்த்தேன். நான்கில் சுற்றே கிடையாது, ஒவ்வொரு முனையும் தனிக்குழு. அந்த மாதிரியில் ஒரு முனையிலிருந்து அம்பு போகிற முனைகள் எல்லாம் அதற்கு முன்பே முடிந்துவிடும், ஆகவே என் முறை தப்பவே தப்பாது. இரண்டில் மொத்தக் கிராஃபும் ஒரே குழு, அங்கே எங்கே தொடங்கினாலும் சரி. மீதி ஐந்தில் வரிசை எனக்குச் சாதகமாக அமைந்திருக்கிறது.

10க்கு 4 நியாயம்தான். ஆனால் "தவறு" என்பதோடு இந்த ஆறு முனையையும் வரைந்து கொடுத்திருந்தால் ஒரே நிமிடத்தில் புரிந்திருக்கும்.

ரயிலடி | மார்ச் 5, மாலை 6:40

நான் சொன்னது தவறு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எனக்கு இன்னும் உறுத்துகிறது. முதலில் முடிந்தவர் கடைக்கோடியில் இருக்க வேண்டியதில்லை என்றால், கடைசியில் முடிந்தவர் மட்டும் தலைக்கோடியில் இருப்பார் என்று எப்படி உறுதியாகச் சொல்ல முடியும்? கண்ணாடியில் பார்ப்பது போல இரண்டும் ஒன்றுதானே?

பின்வரிசை | மார்ச் 5, இரவு 8:55

இருபத்தாறு ஆண்டுகள் இந்தப் பாடத்தை நடத்தி ஓய்வு பெற்றவன் நான். ரயிலடியின் கேள்வியை மாணவர்கள் கேட்க மாட்டார்களா என்று ஒவ்வொரு ஆண்டும் காத்திருப்பேன். கேட்டவர்கள் சிலரே.

இரண்டு குழுக்களை எடுத்துக்கொள்ளுங்கள். மேல் குழுவிலிருந்து கீழ் குழுவுக்கு ஓர் அம்பு இருக்கிறது. கீழிருந்து மேலே வர வழியே கிடையாது. இருந்தால் இரண்டும் ஒரே குழுவாகியிருக்கும். டிஎஃப்எஸ் இந்த இரண்டில் எதை முதலில் தொடுகிறது என்று பாருங்கள்.

கீழ் குழுவை முதலில் தொட்டால் அங்கிருந்து மேலே ஏற முடியாது. கீழே உள்ள எல்லோரும் முடிந்த பிறகுதான் மேல் குழுவில் முதல் காலடி விழும். ஆகவே மேலே உள்ளவர்கள் அனைவரும் பின்னால் முடிகிறார்கள்.

மேல் குழுவை முதலில் தொட்டால், தொட்ட அந்த முதல் முனையை "வாசல்" என்று வைத்துக்கொள்வோம். வாசலிலிருந்து மேல் குழு முழுவதற்கும் போகலாம், அம்பு வழியே கீழ் குழு முழுவதற்கும் போகலாம். யாரையும் இன்னும் பார்க்கவில்லை. ஆக எல்லோரும் வாசலுக்குள் தொடங்கி வாசலுக்குள் முடிவார்கள். கடைசியில் முடிவது வாசல்.

எப்படிப் பார்த்தாலும் மேல் குழுவில் கடைசியாக முடிகிற ஒருவர் கீழ் குழுவின் அனைவருக்கும் பின்னால்தான் முடிகிறார். இது உறுதி. ஆனால் மேல் குழுவின் மற்றவர்களைப் பற்றி இந்த வாதம் எதையும் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். இரண்டாவது நிலையில் வாசல் அல்லாத ஒருவர் கீழ் குழுவைத் தொடுவதற்கு முன்பே முடிந்துவிடலாம். செங்கலின் கிராஃபில் வாசல் 1, முந்திக்கொண்டவர் 3.

ரயிலடி சொன்ன கண்ணாடி அங்கேதான் உடைகிறது. தொடக்கமும் முடிவும் டிஎஃப்எஸ்ஸில் சமமானவை அல்ல. ஒரு முனை முடிகிறது என்றால், அது தொடங்கிய நேரத்தில் பார்க்கப்படாத பாதைகள் வழியே அதிலிருந்து எட்டக்கூடியவை எல்லாம் முடிந்துவிட்டன என்று பொருள். முதலில் முடிந்தது என்பதிலிருந்து அப்படி ஒரு செய்தி கிடைப்பதில்லை.

செங்கல் | மார்ச் 5, இரவு 9:20

ஐயா சொன்ன பிறகு எனக்கும் ஒண்ணு தெளிவாச்சு. அம்பை ஏன் திருப்பறோம்னா, நமக்கு உறுதியா கையில கிடைக்கிறது தலைக்கோடி மட்டும்தான். ஆனா தேடல் வெளியே வழியாம இருக்கணும்னா கடைக்கோடி வேணும். திருப்பினா தலைக்கோடி கடைக்கோடி ஆயிடுது, குழுக்கள் மாறாது. ஏன்னா போக வர ரெண்டு வழியும் இருந்தா, திருப்பினாலும் ரெண்டும் இருக்கும்.

மொட்டைமாடி | மார்ச் 6, காலை 8:10

இப்பதான் நானும் எழுதிப் பார்த்தேன். ஒரு சந்தேகம். முடியும்போது லிஸ்ட்ல போடறதுக்குப் பதிலா நுழையும்போதே போட்டா என்ன? ஒரு வரி மிச்சம்.

செங்கல் | மார்ச் 6, காலை 8:34

அதே கிராஃப், 2க்கு `3 4`. நுழையற வரிசை 1, 2, 3, 4, 5, 6. முன்னாடியிருந்து எடுத்துத் திருப்பிய கிராஃப்ல ஓட்டினா 1, 2, 3 சரியா வரும். அடுத்து 4: அங்கிருந்து 5, 6 ரெண்டையும் பிடிச்சுடும், 6 தனியா இருக்க வேண்டியது. பின்னாடியிருந்து எடுத்தா 6 சரி, அடுத்து 5லிருந்து 4, 2, 1, 3 எல்லாம் ஒட்டிப்போகும். ரெண்டு பக்கமும் அடி.

இட்லிப்பானை | மார்ச் 6, மதியம் 12:15

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும், எனக்கு வேலையில் ஒரு பிரச்சினை. எங்கள் பைத்தான் புராஜெக்டில் நாற்பதுக்கு மேல் மாட்யூல். ஒன்றை ஒன்று இம்போர்ட் செய்து சுற்றிக்கொண்டு நிற்கிறது. இந்த முறையில் எல்லாச் சுற்றுகளின் பட்டியலும் கிடைக்குமா? எந்த இம்போர்ட்டை வெட்டினால் தீரும் என்றும் சொல்லுமா?

செங்கல் | மார்ச் 6, மதியம் 12:50

சுற்றுப் பட்டியல் வராது. "இந்த ஒன்பது மாட்யூலும் ஒரே சிக்கலில் இருக்கு"ன்னு குழுதான் வரும். ஒரு குழுவுக்குள்ள எக்கச்சக்கமான சுற்று இருக்கலாம். ஒவ்வொண்ணா வேணும்னா 1975ல டொனால்ட் ஜான்சன் கொடுத்த முறை இருக்கு, அதுவும் குழு குழுவா பிரிச்சுட்டுத்தான் வேலை செய்யும். குறைந்தபட்சம் எத்தனை அம்பை வெட்டினா தீரும்ங்கறது இன்னும் கஷ்டம், என்பி-ஹார்டு. பொதுவா வேகமான வழி யாருக்கும் தெரியாது. ஆனா ஒன்பது மாட்யூல்னா ஒயிட்போர்டுல வரைஞ்சே பார்த்துடலாம்.

கீழ்வேளூர்க்காரி | மார்ச் 9, இரவு 11:50

மூன்று நாளாக வேறு ஒன்றோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். சின்ன டெஸ்ட்களை இனி நம்புவதில்லை என்று முடிவெடுத்து, பெரிய தரவு தேடினேன். `web-Google` என்று ஒன்று கிடைத்தது. 2002இல் கூகுள் நடத்திய நிரல் போட்டிக்காகக் கொடுத்த வலைப்பக்கங்களின் கிராஃப். 8,75,713 பக்கங்கள், 51,05,039 இணைப்புகள். மிகப்பெரிய எஸ்சிசியில் 4,34,818 பக்கங்கள் என்று தரவோடேயே போட்டிருக்கிறார்கள். ஒப்பிட்டுப் பார்க்க ஓர் எண் இருப்பது எவ்வளவு பெரிய நிம்மதி.

முதல் ஓட்டத்தில் `IndexError`. பக்க எண்கள் தொடர்ச்சியாக இல்லை, 9,16,427 வரை போகின்றன, நான் 8,75,713க்குத்தான் இடம் ஒதுக்கியிருந்தேன். அதைச் சரிசெய்தேன்.

அடுத்தது `RecursionError`. பைத்தான் ஆயிரம் ஆழத்தோடு நிறுத்திவிடுகிறது. வரம்பை ஏற்றினேன், இம்முறை எந்த விளக்கமும் இல்லாமல் `Segmentation fault`. சரி, ரிகர்ஷனே வேண்டாம் என்று நானே ஸ்டாக் வைத்து எழுதினேன்:

```python
stack = [s]
seen[s] = True
while stack:
    v = stack.pop()
    order.append(v)
    for w in adj[v]:
        if not seen[w]:
            seen[w] = True
            stack.append(w)
```

இதைத் திருப்பி எடுத்து இரண்டாவது ஓட்டம் ஓட்டினேன். சில நொடிகளில் முடிந்தது. மிகப்பெரிய குழு 4,34,818ஐவிட அதிகமாக வருகிறது. செங்கலின் ஆறு முனையில் ஓட்டினால் சரியாக வருகிறது! எங்கே தப்பு?

செங்கல் | மார்ச் 10, காலை 7:30

ஆறு முனையில 2க்கு `3 4` போட்டீங்களா, `4 3` போட்டீங்களா?

கீழ்வேளூர்க்காரி | மார்ச் 10, காலை 7:52

`3 4`. இப்போது `4 3` போட்டேன். ஒட்டிப்போனது.

அதாவது என் பழைய தவறு `3 4`இல் சிக்கும், `4 3`இல் தப்பிக்கும். இந்தப் புதிய தவறு நேர்மாறாக, `4 3`இல் சிக்கி `3 4`இல் தப்பிக்கிறது. ஒரே கிராஃபை இரண்டு வரிசையிலும் ஓட்டிப் பார்த்திருந்தால் இரண்டு தவறுமே அகப்பட்டிருக்கும்.

செங்கல் | மார்ச் 10, காலை 8:15

நீங்க எழுதியது மொட்டைமாடி கேட்ட அதே கதைதான், வேற சட்டை போட்டுக்கிட்டு வந்திருக்கு. `pop` பண்ணினதும் `order`ல போடறீங்க. அது அந்த முனைக்குள்ள நுழையற நேரம், முடியற நேரம் இல்ல. போதாக்குறைக்கு பக்கத்துவீடு எல்லாத்தையும் ஸ்டாக்ல தள்ளும்போதே பார்த்ததா குறிச்சுடறீங்க, அதனால இது உண்மையான டிஎஃப்எஸ்ஸே இல்ல. முனையை ஸ்டாக்லயே வெச்சுக்கிட்டு, அதோட பக்கத்துவீடுகள்ல எதுவரைக்கும் பார்த்தோம்னும் ஞாபகம் வெச்சுக்கணும்:

```python
stack = [(s, iter(adj[s]))]
seen[s] = True
while stack:
    v, it = stack[-1]
    for w in it:
        if not seen[w]:
            seen[w] = True
            stack.append((w, iter(adj[w])))
            break
    else:
        order.append(v)
        stack.pop()
```

அந்த `else` லூப்புக்கு உரியது, `if`க்கு இல்ல. `break` ஆகாம பக்கத்துவீடு எல்லாம் தீர்ந்தாத்தான் அங்க வரும். அந்த இடம்தான் "முடிந்தது".

இரண்டாவது ஓட்டத்துக்கு உங்க பழைய கோடே போதும். அங்க யாரு யாரை எட்டறாங்கன்னு மட்டும்தான் வேணும், வரிசை வேண்டாம். பிஎஃப்எஸ் ஓட்டினாலும் சரி. டிஎஃப்எஸ்ஸா இருந்தே ஆக வேண்டியது முதல் ஓட்டம் மட்டும்தான்.

கீழ்வேளூர்க்காரி | மார்ச் 10, இரவு 9:40

4,34,818 வந்தது. திரையைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

கீழ்வேளூர்க்காரி | மார்ச் 11, இரவு 10:25

ஒரு விஷயம் கவனித்தேன், சரிதானா என்று பின்வரிசை ஐயா பார்க்க வேண்டும். இதுவரை நான் செய்த தவறு எல்லாவற்றிலும் குழுக்கள் ஒட்டித்தான் போயின. ஒருமுறைகூட ஒரு குழு இரண்டாக உடையவில்லை. இது தற்செயலா?

நான் யோசித்தது: இரண்டாவது தேடல் ஒரு முனையைத் தொட்டால், அதன் குழுவில் உள்ள எல்லோரையும் தொட்டே தீரும், ஏனென்றால் அவர்களுக்குள் போகவர வழி உண்டு. வழியில் முன்பே எடுத்தவர்கள் குறுக்கே நிற்க முடியாது, ஒரு குழுவில் ஒருவரை எடுத்திருந்தால் அத்தனை பேரையும் அப்போதே எடுத்திருப்போம். ஆக, வரிசை எவ்வளவு தப்பாக இருந்தாலும் கிடைப்பது முழுக் குழுக்களின் மூட்டைதான். எண்ணிக்கை குறையலாம், ஒருபோதும் கூடாது.

பின்வரிசை | மார்ச் 12, காலை 6:10

சரிதான் அம்மா. வாதத்தில் ஓட்டையில்லை. நான் வகுப்பில் இதைச் சொன்னதில்லை, சொல்லியிருக்க வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது.

இதிலிருந்தே ஒரு சோதனையும் கிடைக்கிறது. திருப்பிய கிராஃபில் ஒரு முனையிலிருந்து தொடங்கி ஒரு குழு கிடைத்தது என்றால், அதில் உள்ள அனைவரும் மூலக் கிராஃபில் அந்தத் தொடக்க முனையை எட்டுவார்கள் என்பது நிச்சயம். மறுபக்கம்தான் சந்தேகம். ஆகவே மூலக் கிராஃபில் அந்தத் தொடக்க முனையிலிருந்து, கிடைத்த குழுவுக்குள் மட்டும் தேடுங்கள். எல்லோரையும் எட்டினால் குழு சரி. ஒருவர் விடுபட்டாலும் இரண்டு குழு ஒட்டியிருக்கிறது. எல்லாக் குழுவுக்கும் சேர்த்து இன்னொரு ஓட்டத்தின் செலவுதான். 4,34,818 போல ஓர் எண் முன்கூட்டியே கையில் இல்லாதபோது இது உதவும்.

நள்ளிரவு நிரல் | மார்ச் 12, இரவு 11:58

இவ்வளவு பாடு எதற்கு? டார்ஜன் முறை ஒரே டிஎஃப்எஸ். திருப்ப வேண்டாம், இரண்டாவது ஓட்டம் வேண்டாம். 1972லேயே வந்துவிட்டது. வேலையில் நான் அதைத்தான் எழுதுகிறேன். இரண்டு ஓட்ட முறையைப் பாடத்திட்டத்திலிருந்தே எடுத்துவிடலாம்.

பின்வரிசை | மார்ச் 13, காலை 6:30

உடன்பட மாட்டேன். டார்ஜன் முறையில் ஒவ்வொரு முனைக்கும் "லோ" என்றொரு எண் வைத்துக்கொண்டு, ஸ்டாக்கில் இன்னும் இருக்கிறாரா என்று பார்த்துப் பார்த்துத்தான் அதைக் குறைக்க வேண்டும். அந்த ஒரு நிபந்தனையை விட்டுவிட்டுத் தவறான விடை எழுதிய தாள்கள் எத்தனை திருத்தியிருப்பேன்! இரண்டு ஓட்ட முறையில் நினைவில் வைக்க வேண்டியது "கடைசியில் முடிந்தவர் தலைக்கோடி" என்ற ஒன்றுதான்.

இதன் வரலாறும் எனக்குப் பிடிக்கும். ஜான்ஸ் ஹாப்கின்ஸில் இருந்த எஸ். ராவ் கோசராஜு 1978இல் கண்டுபிடித்தார், ஆனால் கட்டுரையாக வெளியிடவில்லை. ஆஹோ, ஹாப்கிராஃப்ட், உல்மன் மூவரும் அவர் பெயரைச் சொன்னதால் வெளியே தெரிந்தது. மீகா ஷரீர் தனியாகக் கண்டுபிடித்து 1981இல் வெளியிட்டார்.

நள்ளிரவு நிரல் | மார்ச் 13, காலை 9:45

வரலாறு இருக்கட்டும் ஐயா. 51 லட்சம் அம்புக்கு இன்னொரு பிரதி வைப்பது செலவுதான். மாணவருக்குக் கடினம் என்பதற்காக நல்ல முறையை ஒளித்து வைக்கக் கூடாது.

பின்வரிசை | மார்ச் 13, காலை 10:20

ஒளித்து வைக்கச் சொல்லவில்லை. எது முதலில் என்பதுதான் என் கேள்வி. நீங்கள் வேலையில் எழுதுவது டார்ஜனாகவே இருக்கட்டும்.

இட்லிப்பானை | மார்ச் 14, மதியம் 2:05

ஓட்டிப் பார்த்தேன். ஒரு குழுவில் பதினொரு மாட்யூல், இன்னொன்றில் மூன்று, மற்றதெல்லாம் தனித்தனி. பதினொன்றைப் போர்டில் வரைந்ததில், ஒரு கான்ஃபிக் மாட்யூலிலிருந்து போன ஒரே இம்போர்ட்டை எடுத்தவுடன் அது ஏழும் நான்கு தனியுமாகப் பிரிந்தது. அந்த ஏழு இன்னும் சிக்கலில்தான்.

எனக்கு இன்னொன்றும் வேண்டும். எந்தக் குழுவை முதலில் சோதிப்பது என்று வரிசை வேண்டும். எதையும் நம்பி இல்லாத குழு முதலில், அதை நம்பியிருப்பது அடுத்து, இப்படி. எனக்குத் தலைகீழாக வருகிறது.

கீழ்வேளூர்க்காரி | மார்ச் 14, மாலை 5:30

இதற்கு என்னிடம் பதில் இருக்கிறது! ரயிலடி மார்ச் 5 காலையில் சொன்னதைப் பாருங்கள்: முதல் ஓட்டம் திருப்பிய கிராஃபில், இரண்டாவது மூலக் கிராஃபில். திருப்பிய கிராஃபில் கடைசியாக முடிகிறவர் அங்கே தலைக்கோடி, அப்படியானால் மூலத்தில் கடைக்கோடி. அங்கிருந்து மூலக் கிராஃபிலேயே தேடினால் வெளியே வழியாது.

ஆறு முனையில் போட்டேன். திருப்பிய கிராஃபில் முடிவு வரிசை 2, 3, 1, 5, 6, 4. பின்னாலிருந்து எடுத்தால் முதலில் 4, 5 குழு. அடுத்து 6. கடைசியில் 1, 2, 3. கடைக்கோடி முன்னால் வந்துவிட்டது. உங்கள் அம்பு "இந்த மாட்யூல் அதை இம்போர்ட் செய்கிறது" என்ற திசையில் இருந்தால், குழுக்கள் வெளிவரும் வரிசையே நீங்கள் கேட்ட வரிசை.

இன்டர்னலில் நான் செய்ய நினைத்ததும் இதேதான்: கடைக்கோடியில் தொடங்கி, மூலக் கிராஃபிலேயே, கீழிருந்து மேலே. கடைக்கோடி எது என்று கண்டுபிடிக்கும் வழி மட்டும் தெரியாமல் இருந்தேன்.

ரயிலடி | மார்ச் 14, மாலை 6:12

அன்றைக்கு நான் சொன்னதில் பாதியாவது உதவியதே, சந்தோஷம். இட்லிப்பானை, அந்த ஏழு மாட்யூலின் இம்போர்ட்களை இங்கே ஒட்டுங்கள். பெயர்களை எண்ணாக மாற்றிவிட்டால் போதும். எதை வெட்டுவது என்று சேர்ந்து பார்ப்போம்.